மகளுக்கு 56,000, மகனுக்கு 13,000: வீட்டில் இருக்கும் இரண்டு தடுப்பூசி அட்டைகள்

என் மகள் 2019-இல் சென்னையில் பிறந்தாள். மகன் 2023 மார்ச்சில் விழுப்புரத்தில் பிறந்தான். மகளுக்கு எல்லா ஊசியும் தனியார் மருத்துவமனையில் போட்டோம். மகனுக்குப் பெரும்பகுதி செஞ்சி பக்கத்தில் என் அம்மா ஊரில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தில், அரசு ஊசி. சில ஊசிகள் மட்டும் விழுப்புரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம். போன மாதம் இரண்டு பேரின் அட்டையையும் பழைய பில்களையும் தரையில் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டேன். தங்கை இப்போது ஏழு மாதக் கர்ப்பம். "எங்கே போடறதுக்கா? கவர்ன்மென்ட்ல போட்டா போதுமா?" என்று தினமும் கேட்கிறாள். அவளுக்காக எழுத ஆரம்பித்தது இது.

முதலில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஒன்றரை வயது முடியும்வரை ஊசி மருந்துக்கு மட்டும் ஏறக்குறைய 56,000 ரூபாய் ஆகியிருக்கிறது. டாக்டர் ஃபீஸ் இதில் சேரவில்லை. ஹெக்ஸா என்று சொல்லும் ஆறு நோய் ஊசி ஒன்று சுமார் 3,900. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர், ஆக 15,600. நிமோனியா ஊசி ஒன்று 3,800, அதுவும் நான்கு, ஆக 15,200. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இரண்டு தவணை, 3,000. இந்த மூன்று மட்டுமே 33,800 ரூபாய். அதற்கு மேல் டைபாய்டு, எம்.எம்.ஆர்., ஃப்ளூ, சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ ஆகிய ஐந்தும் சேர்ந்து 12,000. மெனிங்கோகாக்கல் என்று ஒரு மூளைக்காய்ச்சல் ஊசி இரண்டு தவணை, 10,000.

இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. "தனியாரில் எக்ஸ்ட்ரா ஊசி போடுவார்கள், அதனால் செலவு" என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மெனிங்கோகாக்கலையும் சேர்த்து எக்ஸ்ட்ரா ஊசிகளுக்கு ஆனது 22,000தான். பெரும் பணம் போனது அரசு இலவசமாகவே போடும் நோய்களுக்கான ஊசிகளில். அதே நோய், வேறு பிராண்டு, வேறு வடிவம். அப்படியானால் அந்த வித்தியாசத்துக்குக் கொடுத்த 33,800 ரூபாயில் நாம் என்ன வாங்கினோம் என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். மகள் பிறந்த 2019-இல் தமிழ்நாட்டு அரசு அட்டவணையில் நிமோனியா ஊசி கிடையாது. ரோட்டா 2017-லேயே வந்துவிட்டது. பி.சி.வி. என்று சொல்லும் இந்த நிமோகாக்கல் ஊசி இங்கே 2021 ஜூலையில்தான் இலவசமாக வந்தது. ஆகவே அன்றைக்கு அந்த 15,200 ரூபாய்க்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு இருக்கிறது. இன்னமும் பலர், "கவர்ன்மென்ட்ல நிமோனியா ஊசி இல்லையாமே" என்று பழைய கணக்கிலேயே பேசுகிறார்கள்.

சரி, மகனின் முதல் புதன்கிழமைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் புதன்தான் ஊசி நாள். பிறந்த உடனே போட வேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் பிரசவமான அரசு மருத்துவமனையிலேயே முடிந்திருந்தன. ஹெபடைடிஸ் பி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதை மட்டும் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆறாவது வாரத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். துணை சுகாதார நிலையம் என்பது ஒரு அறை, ஒரு மேஜை, நீலக் கலர் வாக்சின் பெட்டி, சுவரில் அட்டவணை. அன்று காலைதான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெட்டி வந்திருந்தது. உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக்.

எனக்கு உள்ளூரப் பயம். நான்கு வருடத்துக்கு முன்பு ஏ.சி. அறையில், பொம்மை ஒட்டிய சுவருக்கு முன்னால் மகளுக்கு ஊசி போட்ட ஞாபகம். அதை நர்ஸக்கா என் முகத்திலேயே பார்த்துவிட்டார் போல. ஒரு குப்பியை எடுத்து என் கையில் கொடுத்து, "இத பாரு கண்ணு, இந்த வட்டத்துக்குள்ள ஒரு சதுரம் தெரியுதா? வெள்ளையா இருக்கா? அப்படின்னா மருந்து சூடு படல. சதுரமும் வட்டமும் ஒரே கலரா ஆயிடுச்சுனா நாங்களே தூக்கிப் போட்டுடுவோம்" என்றார். லேபிளில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஊதா வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். மருந்து அதிக நேரம் வெப்பத்தில் இருந்தால் அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டே வரும், திரும்ப வெளுக்காது. கம்பெனியிலிருந்து கிராமம் வரைக்கும் வந்த வழி முழுவதற்கும் அந்தச் சதுரம் சாட்சி. மகளுக்குப் போட்ட விலை உயர்ந்த ஊசிகளில் இப்படி ஒரு அடையாளத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை. அன்றிலிருந்து நான் எங்கே போனாலும், இருந்தால் அதைப் பார்க்கிறேன்.

அன்று மகனுக்கு என்ன போட்டார்கள்? இடது தொடையில் பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. வலது தொடையில் பி.சி.வி. வலது மேல்கையில் போலியோ ஊசி. வாயில் போலியோ சொட்டு இரண்டு, ரோட்டா சொட்டு. மூன்று குத்து, இரண்டு சொட்டு. மகளுக்கு அதே ஆறாவது வாரத்தில் இரண்டு குத்துதான், ஏனென்றால் ஹெக்ஸாவில் அந்த ஐந்தோடு போலியோவும் உள்ளேயே இருக்கிறது. குத்தின் எண்ணிக்கை குறைவது தனியாரின் உண்மையான வசதி. அதை நான் மறுக்கவில்லை.

போலியோ ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு போடுவது 0.1 மில்லிதான், முழு அளவான 0.5 மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு. "கம்மியா போடறாங்க" என்று என் மாமியாரே சொன்னார். இது ஏமாற்று இல்லை. சதைக்குள் போடாமல் தோலுக்குள் போடுவதால் குறைந்த மருந்தே போதுமான எதிர்ப்பைத் தருகிறது. சரியாகப் போட்டால் கையில் கொசு கடித்த மாதிரி ஒரு வெளிறிய புடைப்பு எழும். அந்தப் புடைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், 2023-லிருந்து ஒன்பதாவது மாதத்திலும் ஒன்று என மூன்று முறை. இதோடு சொட்டு மருந்தும் தனியாக உண்டு.

இப்போது "வலியில்லாத ஊசி"க்கு வருவோம். மகளுக்கு ஹெக்ஸா போடும்போது, "பெயின்லெஸ் வேணுமா, சாதா வேணுமா?" என்று கேட்டார்கள். எந்தத் தாய் சாதா என்பாள்? குத்தும் வலி இரண்டிலும் ஒன்றுதான் என்பது எனக்கு அன்று தெரியாது. வித்தியாசம் கக்குவான் இருமல் பகுதியில் இருக்கிறது. அரசு பென்டாவில் கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று சேர்த்திருப்பார்கள், அது ஹோல்செல். ஹெக்ஸாக்ஸிம், இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸா போன்ற விலை உயர்ந்தவற்றில் அந்தக் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்துச் சேர்த்திருப்பார்கள், அது ஏசெல்லுலார். முழுக் கிருமி உள்ளே போனால் காய்ச்சல், வீக்கம், அழுகை அதிகம். புரதம் மட்டும் போனால் குறைவு. அதே சமயம் ஏசெல்லுலார் தரும் பாதுகாப்பு வருடங்கள் போகப் போக வேகமாகக் குறைகிறது. ஹோல்செல்லின் பாதுகாப்பு அதைவிட நீடிக்கிறது. ஆக நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவது அமைதியான ஒரு ராத்திரியையும் ஒரு குத்துக் குறைவையும். பாதுகாப்பு கூடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த ராத்திரி சாதாரணமானது இல்லை என்பதையும் சொல்கிறேன். மகனுக்கு மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்த காய்ச்சல் மறுநாள் காலை வரை இருந்தது. இடது தொடையில் கை வைத்தாலே வீறிட்டான். அடுத்த இரண்டு வாரம் அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அது தானாகக் கரைந்துவிடும். தேய்க்கவோ சூடு வைக்கவோ கூடாது என்று நர்ஸக்கா சொல்லியே அனுப்பினார். என் அம்மா விளக்கெண்ணெய் எடுத்துவந்ததை நான்தான் தடுத்தேன்.

காய்ச்சல் மருந்தில்தான் எனக்கு ஒரு பெரிய தப்பு நடக்க இருந்தது. பாராசிட்டமால் குழந்தையின் எடைக்குத்தான் கொடுக்க வேண்டும், ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மகன் அப்போது 4.6 கிலோ. டாக்டர் 50 மில்லிகிராம் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் மகளின் சிரப் இருந்தது, 5 மில்லியில் 125 மில்லிகிராம். அதில் 50 என்றால் 2 மில்லி. கணவர் மருந்துக்கடையில் வாங்கிவந்ததோ கைக்குழந்தைக்கான ட்ராப்ஸ், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதில் 50 என்றால் அரை மில்லிதான். நான் தூக்கக் கலக்கத்தில் ட்ராப்ஸிலிருந்து 2 மில்லி இழுத்துவிட்டேன். கொடுக்கும் முன்னால் பாட்டிலைப் பார்த்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் நான்கு மடங்கு போயிருக்கும். அரசு ஊசி போடப் போகிறவர்கள், எத்தனை மில்லிகிராம், எந்த பாட்டில், எத்தனை மில்லி என்ற மூன்றையும் பகலிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இதில் ஒரு நடுவழி இருக்கிறது, பெரும்பாலும் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். ஹெக்ஸாவிலேயே ஹோல்செல் வகை உண்டு. ஈஸிசிக்ஸ், ஷான்6 போன்றவை. விலை கணிசமாகக் குறைவு, குத்து இரண்டுதான், கக்குவான் பாதுகாப்பும் ஹோல்செல்லுக்கு உரியது. காய்ச்சல் மட்டும் வரும். புதன்கிழமை லீவு போட முடியாதவர்கள், ஆனால் செலவையும் குறைக்க நினைப்பவர்கள், "ஹோல்செல் ஹெக்ஸா இருக்கா டாக்டர்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நிமோனியா ஊசியில் பிராண்டு வித்தியாசம் அதிகம் பேசப்படுகிறது. மகளுக்குப் போட்டது பிரெவ்னார் 13. அம்மா ஊரில் மகனுக்குப் போட்ட குப்பியில் நியூமோசில் என்று இருந்தது, புனேயில் இருக்கும் சீரம் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒன்றில் 13 வகைக் கிருமி, மற்றதில் 10 வகை. விழுப்புரம் டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் தாளில் இரண்டு வரிசையாக எண்களை எழுதிக் காட்டினார். 13-இல் இருந்து 10-இல் இல்லாதவை மூன்று: 3, 4, 18சி. நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு முக்கியமான 6ஏ, 19ஏ, 14 போன்றவை இரண்டிலும் இருக்கின்றன. "ஆசியா, ஆப்பிரிக்கா நாடுகள்ல எது அதிகம்னு பார்த்துதான் அந்தப் பத்தையும் சேர்த்திருக்காங்கம்மா. நீங்க கவர்ன்மென்ட்லயே முடிச்சிடுங்க" என்றார். தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒரு டாக்டர் இப்படிச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

தவணையும் மாறும். தனியாரில் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மூன்று, அப்புறம் 12 முதல் 15 மாதத்தில் ஒரு பூஸ்டர். அரசில் ஆறு, பதினான்கு வாரங்களில் இரண்டு, ஒன்பது மாதத்தில் பூஸ்டர். அரசு வழியில் போகிறவர்கள் அந்த ஒன்பது மாத பூஸ்டரை விட்டுவிடவே கூடாது. முதல் இரண்டு தவணையின் பலன் நிலைப்பதே அதனால்தான். காய்ச்சலுக்குப் பயந்து ஒன்பதாவது மாதம் பலர் வராமல் போய்விடுகிறார்கள் என்று நர்ஸக்கா குறைபட்டுக்கொண்டார். அன்று எங்கள் மாவட்டத்தில் நான்கு குத்து: தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர்., பி.சி.வி., போலியோ, கூடவே ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஜே.ஈ. அதோடு வாயில் வைட்டமின் ஏ மருந்து. ஒரே நாளில் நான்கு போடலாமா என்று கேட்காத தாய் இல்லை. போடலாம், இடம்தான் வேறு வேறாக இருக்க வேண்டும்.

அந்த ஜே.ஈ. ஊசி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் கிடையாது. நோய் பரவும் மாவட்டங்களில் மட்டும்தான் அரசு போடுகிறது. விழுப்புரம், கடலூர் அதில் உண்டு. சென்னையில் பிறந்த என் மகளுக்கு அதை யாரும் போடவில்லை, சொல்லவும் இல்லை. விடுமுறைக்கெல்லாம் அவள் வயல்காட்டு ஊருக்குத்தான் வருகிறாள். மகனின் அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. 56,000 ரூபாய் செலவு செய்த அட்டையில் இல்லாத ஒன்று, இலவச அட்டையில் இருந்தது. அப்புறம் டாக்டரிடம் கேட்டு அவளுக்கு ஜென்வாக் இரண்டு தவணை, நான்கு வாரம் இடைவெளியில் போட்டோம். வேலைக்காக நகரத்தில் இருந்து, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும் எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரோட்டாவில் ஒரு சிறிய சிக்கல் மட்டும் சொல்கிறேன். தனியாரில் அதிகம் கொடுக்கும் ரோட்டாரிக்ஸ் இரண்டே தவணை. அரசில் கொடுக்கும் ரோட்டாவாக், ரோட்டாசில் மூன்று தவணை. பக்கத்து வீட்டுப் பெண் முதல் தவணையை டவுனில் ரோட்டாரிக்ஸாகக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தாள். இரண்டாவது கொடுத்ததும் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். பிராண்டு கலந்துவிட்டால் மொத்தம் மூன்று தவணை கணக்கு. முடிந்தவரை ஆரம்பித்த இடத்திலேயே முடிப்பது நல்லது.

இனி எக்ஸ்ட்ரா ஊசிகள். அரசு அட்டவணையில் இல்லாதவை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் போடச் சொல்பவை. மகனுக்கு நாங்கள் பணம் கொடுத்தது இவற்றுக்கு மட்டும்தான். மொத்தம் 12,700 ரூபாய். என் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் டைபாய்டு கான்ஜுகேட். டைப்பார் டி.சி.வி. என்ற பிராண்டு, சுமார் 2,000. ஆறாவது மாதத்திலிருந்து போடலாம், ஒரே ஊசி. நாங்கள் ஏழாவது மாதம் போட்டோம். குழாய்த் தண்ணீரும் வெளிச் சாப்பாடும் இருக்கிற நம் ஊரில், கொடுக்கும் ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் முடிவு. கையில் 2,000 ரூபாய் மட்டும்தான் இருக்கிறது என்றால் இதைப் போடுவேன்.

அடுத்து எம்.எம்.ஆர். அரசு போடுவது எம்.ஆர்., தட்டம்மையும் ரூபெல்லாவும். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. 2023, 2024-இல் நம் மாநிலத்திலும் கேரளாவிலும் பொன்னுக்கு வீங்கி எப்படிப் பரவியது என்று பள்ளிக்குப் பிள்ளை அனுப்பியவர்களுக்குத் தெரியும். மகள் வகுப்பில் ஒரே மாதத்தில் ஒன்பது பேர். அவளுக்கு எம்.எம்.ஆர். இரண்டு போட்டிருந்ததால் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். விலையும் எக்ஸ்ட்ராக்களிலேயே குறைவு, மகனுக்கு 600 ரூபாய்.

சின்னம்மை ஊசி, இரண்டு தவணை, 4,400. மஞ்சள் காமாலை ஏ-க்கு இரண்டு வகை உண்டு. உயிருள்ள கிருமி வகையான பயோவாக் ஏ ஒரே ஊசி, கொல்லப்பட்ட வகை ஆறு மாத இடைவெளியில் இரண்டு. நாங்கள் ஒரே ஊசி வகையை 2,300-க்குப் போட்டோம். வகை தெரியாமல் ஒன்று போட்டுவிட்டு இன்னொன்று போட வேண்டுமா என்று பிறகு குழம்பாமல் இருக்க, பெயரை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஃப்ளூ ஊசி முதல் வருடம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு, 3,400. அதன் பிறகு ஐந்து வயதுவரை வருடத்துக்கு ஒன்று. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்கு உதவாது. பணம் பார்த்துச் செய்கிற குடும்பம் இதைத் தள்ளிவைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மகனுக்கு மூச்சு இரைக்கும் தொந்தரவு இருந்ததால் நாங்கள் விடவில்லை.

மெனிங்கோகாக்கல் ஊசியை மகனுக்குப் போடவில்லை. அது எல்லாக் குழந்தைக்கும் பரிந்துரைக்கப்பட்டதே இல்லை. மண்ணீரல் இல்லாத, எதிர்ப்பு சக்திக் குறை உள்ள குழந்தைகளுக்கும், ஹஜ் போன்ற பயணம் போகிறவர்களுக்கும் உரியது. மகளுக்குப் போட்ட இடத்தில் அட்டவணையிலேயே மற்றவற்றோடு சேர்த்து அச்சடித்திருந்தார்கள், நானும் கட்டாயம் என்று நினைத்து 10,000 கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: இது எல்லாருக்குமா, என் குழந்தைக்கு மட்டும் ஏன்? தனியார் மருத்துவமனை கையில் கொடுக்கும் அட்டவணையை வாங்கியதும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "அரசில் உண்டு", "எல்லாருக்கும்", "சிலருக்கு மட்டும்" என்று டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டு இடத்திலும் மாறி மாறிப் போட்டதில் நாங்கள் பட்ட ஒரே பெரிய குழப்பம் ஒன்றரை வயதுப் பக்கம் நடந்தது. 2024 ஜூன் 20 வியாழக்கிழமை, மகனுக்கு 15 மாதம். டாக்டரிடம் எம்.எம்.ஆர்., அம்மை இரண்டும் ஒரே நாளில் போட்டோம். அதை டாக்டர் தன் புத்தகத்தில் எழுதினார். தாய்சேய் நல அட்டை அம்மா வீட்டில் இருந்தது. ஜூலை 10 புதன்கிழமை அம்மா ஊருக்குப் போனபோது 16 மாத ஊசிக்கு அழைத்துப் போனேன். அன்று எம்.ஆர். இரண்டாவது, ஜே.ஈ. இரண்டாவது, முத்தடுப்பு பூஸ்டர், போலியோ சொட்டு. நர்ஸக்கா எம்.ஆர். குப்பியைக் கலக்கவே ஆரம்பித்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் புத்தகத்தை நீட்டினேன். தேதியைப் பார்த்து நிறுத்திவிட்டார். "இருவது நாள்தான ஆவுது, இரு, டாக்டர்கிட்ட கேக்கறேன்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார்.

விஷயம் இதுதான். எம்.ஆர்., எம்.எம்.ஆர்., அம்மை போன்றவை உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசிகள். இப்படி இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் இல்லையென்றால் நடுவில் முழுதாக நான்கு வாரம் விட வேண்டும். இடையில் போட்டால் இரண்டாவது ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அங்கே வந்திருந்த ஜே.ஈ.யும் உயிருள்ள வகைதான். சொட்டு மருந்துக்கும் முத்தடுப்பு, பி.சி.வி. போன்றவற்றுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே அன்று முத்தடுப்பு பூஸ்டரும் சொட்டும் மட்டும் போட்டார்கள். எம்.ஆரும் ஜே.ஈ.யும் ஜூலை 24-க்குத் தள்ளிப்போயின. எம்.எம்.ஆர். ஏற்கெனவே போட்டாகிவிட்டதே, எம்.ஆர். மறுபடி வேண்டுமா என்று கேட்டேன். ஒரு டோஸ் கூடினால் கெடுதல் இல்லை, அட்டைக் கணக்கும் முடிந்துவிடும் என்று மருத்துவ அலுவலர் சொன்னார். போட்டுவிட்டோம்.

திரும்பச் செய்வதாக இருந்தால் வேறு மாதிரி செய்வேன். 16 மாத அரசு ஊசியை ஒரு புதன்கிழமை முதலில் முடித்துவிட்டு, ஐந்தாவது வாரம் டாக்டரிடம் அம்மைக்கும் எம்.எம்.ஆருக்கும் போவேன். தங்கைக்கு அப்படித்தான் காலண்டரில் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

அரசு பக்கத்தில் குறை இல்லாமல் இல்லை. ஒரு புதன்கிழமை எம்.ஆர். போடாமலேயே திரும்பி வந்தோம். அந்தக் குப்பியைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பி பல குழந்தைக்கு உரியது. அன்று வந்தது என் மகன் ஒருவன்தான், "அடுத்த வாரம் நாலு பேரோட வாம்மா" என்றார்கள். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கத்தான் வேண்டும், இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நான் அன்று கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை முதல் நாளே போன் செய்து எத்தனை குழந்தை வருகிறது என்று கேட்டுக்கொண்டு போனேன். எம்.ஆர்., பி.சி.ஜி., ஜே.ஈ. போடும்போது குப்பியைத் திறந்த நேரம் அதன் மேல் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பென்டா, பி.சி.வி. போன்ற திரவ ஊசிகளுக்கு இந்த நான்கு மணி நேரக் கணக்கு இல்லை, குளிரில் சரியாக வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஆகவே திறந்த பென்டா குப்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தனியார் பக்கத்துக் குறை வேறு மாதிரி. மகளுக்கு இரண்டாவது ஹெக்ஸா போடப் போன அன்று முதலில் போட்ட பிராண்டு ஸ்டாக் இல்லை. சொல்லாமலே வேறு பிராண்டைப் போட்டார்கள். கிடைக்காதபோது மாற்றிப் போடுவது தப்பில்லை, பாதிப்பும் இல்லை. ஆனால் புத்தகத்தில் "ஹெக்ஸா 2" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பில்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஊசி போடும் முன்பே பெட்டியைக் கையில் வாங்கி பெயர், காலாவதித் தேதி, எம்.ஆர்.பி. மூன்றையும் படம் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டச் சொல்கிறேன். எம்.ஆர்.பி.யைவிடக் கூட வாங்கினார்களா, ஊசி போட்ட கூலி என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்பதும் அந்தப் படத்தில் தெரிந்துவிடும். மருந்துக்கடையில் தள்ளுபடிக்கு வாங்கிப் பையில் போட்டு எடுத்துப் போகும் யோசனை மட்டும் வேண்டாம். மே மாத வெயிலில் அரை மணி நேரம் வெளியே இருந்த ஊசி என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூலை 24 அன்று நர்ஸக்கா டாக்டர் புத்தகத்தை வாங்கி, அதிலிருந்த டைபாய்டு, ஃப்ளூ, எம்.எம்.ஆர்., அம்மை எல்லாவற்றையும் தேதியோடு தாய்சேய் நல அட்டையின் காலி வரிகளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இப்போது மகனுக்கு எல்லாமே அந்த ஒரே அட்டையில் இருக்கிறது. மகளின் சென்னைப் புத்தகத்தையும் அடுத்த புதன்கிழமை எடுத்துப் போகிறேன். ஐந்து வயது முத்தடுப்பு அவளுக்கு இன்னும் போடவில்லை, ஆறு வயது ஆகிவிட்டது. ஏழு முடிவதற்குள் போட்டுவிடலாம் என்று நர்ஸக்கா சொல்லியிருக்கிறார்.